எம்.டி.யின் புன்னகைக்குப் பின்னால் ஒரு மின்விசிறி

தமிழகத்தின் தொழில் வரலாற்றை எழுதப் புகும் எவரும் 'பொன்வானம் பிரின்ட்ஸ்' நிறுவனத்தின் தரவு மையத்தைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. எழுதலாம்தான், ஆனால் எம்.டி. வருத்தப்படுவார்.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் ஆமத்தூரைத் தாண்டியதும் தெரிகிற கண்ணாடிக் கட்டடம்தான் பொன்வானம். மத்தாப்புப் பெட்டியில் சிரிக்கும் குழந்தைகளும், சங்குசக்கரப் பெட்டியில் தோகை விரிக்கும் மயில்களும் அச்சாகி வெளியேறுவது இங்கிருந்துதான். அந்தக் குழந்தைகளும் மயில்களும் அச்சுக்குப் போகுமுன் வசிக்கும் இடம் தரவு மையம். அதற்கு முன்னால் அது கழிவுத்தாள் போடும் அறையாக இருந்தது என்பதைப் பொறாமைக்காரர்கள் மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மையத்தை 'டயர் ஃபோர்' தரத்தில், அதாவது நான்காம் அடுக்கு என்னும் உச்சத் தரத்தில், அமைக்கலாம் என்று சென்னை ஆலோசகர் சொன்னபோது, எம்.டி. பாண்டிமுருகன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நாலு டயர் சரி. ஸ்டெப்னி வேண்டாமா?"

ஆலோசகர் அசந்துபோனார். உலகம் முழுக்க வல்லுநர்கள் 'என் பிளஸ் ஒன்' என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்குகிற தத்துவத்தை, அதாவது தேவை ஒன்று என்றால் மாற்றாக இன்னொன்று என்பதை, இவர் ஒரு லாரி பாஷையில் முடித்துவிட்டார். உடனே ஒரே மாடலில் இரண்டு ஏ.சி. வாங்கப்பட்டன. ஒன்று ஓடும். மற்றது ஸ்டெப்னி.

சித்திரை மாதத்தில் கூட்ட அரங்கம் புழுங்கியது. புழுக்கத்தில் தொலைநோக்குத் திட்டங்கள் சரியாக வருவதில்லை என்று கண்டறியப்பட்டதால், ஸ்டெப்னி ஏ.சி. அங்கே 'தற்காலிகமாக' மாற்றப்பட்டது. இப்போது ஆவணி நடக்கிறது. தற்காலிகம் நலமாக இருக்கிறது.

இந்த மாபெரும் மையத்தை இரவெல்லாம் காக்கும் பொறுப்பு காளீஸ்வரனுடையது. இரவுப் பணி முதுநிலைப் பொறியாளர். பொன்வானத்தில் ஒன்பது வருட சர்வீஸ். கணினி வேலையில் கெட்டிக்காரர். அதைவிடக் கெட்டிக்காரத்தனம் 'சரிங்க சார்' என்று சொல்வதில். மேலதிகாரி வாக்கியத்தைத் தொடங்குமுன்பே சொல்லி முடித்துவிடுவார். அவருக்குக் கீழே வினோலியா. மின்பொறியியல் படித்துவிட்டுச் சேர்ந்த இளநிலைப் பொறியாளர், சேர்ந்து மூன்று மாதம்தான். வேலைக்கு வரும்போது மல்டிமீட்டரும் பொரிச்ச பரோட்டாப் பொட்டலமும் கொண்டுவருவாள். இரண்டில் எதையும் யாருக்கும் கடன் கொடுக்க மாட்டாள்.

அன்றைக்குத் தீபாவளி சீசனின் உச்சம். விடியுமுன் நாற்பது வகைப் பெட்டிகளுக்கு அச்சுத் தகடு போய், பெட்டிகள் அச்சாகி லாரி ஏறியாக வேண்டும். பெட்டி போனால்தான் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் நடக்கும். பேக்கிங்கில் இருக்கும் பெண்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. பெட்டி வராத நாளில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பெண்களில் ஒருத்தி காளீஸ்வரனின் மனைவி செல்வலட்சுமி. 'நாளைக்குப் பெட்டி லோடு வந்துருமா?' என்று சாயங்காலமே கேட்டிருந்தாள். வீட்டிலும் அவர் சொன்னது அதேதான்: "சரிங்க."

வினோலியா பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தவள், கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"அண்ணே, சர்வரு கத்துது."

"அது எப்பவும் கத்துறதுதான்."

"இது வேற மாதிரி இருக்கு. உள்ள இருக்க சின்னக் காத்தாடியெல்லாம் முழு வேகத்துல சுத்துது. சூடு ஏறுனாத்தான் இப்பிடிச் சுத்தும்."

காளீஸ்வரன் பரிவோடு சிரித்தார். எதிரே இருந்த பெரிய திரையில், மையத்தின் சூட்டைக் கண்காணிக்கும் 'குளிர்க்கண்' மென்பொருள் பச்சை நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. செயற்கை நுண்ணறிவு கொண்டது. 'இருபத்திரண்டு டிகிரி. அனைத்தும் நலம்' என்று சொல்லி, பக்கத்தில் ஒரு பனித்துளியையும் சுழலவிட்டிருந்தது.

"இங்கன பாரும்மா. இருபத்திரண்டு."

அதே நேரம் பக்கத்துத் திரையில் கோப்பு சர்வர் சிவப்பில் அலறியது. உள்ளே இழுக்கும் காற்று நாற்பத்தொரு டிகிரி என்றது. காளீஸ்வரன் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்று கம்பெனி சொல்வது, மற்றது எந்திரம் சொல்வது. ஒன்பது வருட அனுபவம் அவரைக் கைவிடவில்லை.

"ஹேக்கர்!" என்று கத்தினார். "காரியாபட்டியில புதுசா பிரஸ் போட்டிருக்கானே, அவன் வேலைதான். நம்ம சர்வருக்குள்ள புகுந்து பொய்யான சூட்டைக் காட்டுறான்!"

"பொய்ச் சூடாண்ணே? கதவைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். கையை உதறினார். கதவைத் திறக்கக் கைரேகை வைக்க வேண்டும், அயல்நாட்டுத் தொழில்நுட்பம். வியர்த்த விரலை அது அடையாளம் காணவில்லை. 'நீங்கள் யார்?' என்று திரையில் கேட்டது. வேட்டி நுனியில் துடைக்கலாம் என்று தேடினால் பேண்ட் போட்டிருந்தார். கடைசியில் வினோலியாவின் விரலுக்குத்தான் கதவு மசிந்தது. பரோட்டா எண்ணெய் அதற்குப் பிடித்திருக்க வேண்டும்.

உள்ளே இருந்து வந்த காற்று, செங்கல் சூளை வாயிலிருந்து வருவது போல முகத்தில் அறைந்தது. இரண்டு அலமாரி நிறைய சர்வர்கள் விமானம் கிளம்புகிற மாதிரி இரைந்துகொண்டிருந்தன.

"சூட்டை அளக்குற சென்சார் எங்கனண்ணே மாட்டியிருக்கு?"

காளீஸ்வரன் சுவரைப் பார்த்தார். சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு திருகாணிகள் மட்டும் இருந்தன. அப்போதுதான் ஞாபகம் வந்தது. திறப்பு விழாவன்று எம்.டி.க்குக் காட்டுவதற்காக அதைக் கழற்றி அவர் அறைக்குக் கொண்டுபோனார்கள். அழகாக இருக்கிறதே என்றார் எம்.டி. அவருடைய மேஜையிலேயே நின்றுவிட்டது. எம்.டி. எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாததால் அவர் அறை ஏ.சி. இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். ஆக, குளிர்க்கண் பொய் சொல்லவில்லை. எம்.டி.யின் நாற்காலி நலமாக இருக்கிறது என்ற செய்தியை ஆறு மாதமாகத் தவறாமல் சொல்லி வந்திருக்கிறது.

'பேரிடர் மேலாண்மை நெறிமுறை'யின்படி முதல் வேலை கூட்டு அழைப்பு. எந்தப் பொருளையும் தொடுவது அதற்கு அப்புறம்தான். காளீஸ்வரன் அழைத்தார். பொது மேலாளர் அழகுராஜா சிவகாசி வீட்டிலிருந்தும், ஆலோசகர் சென்னையிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள்.

"டேஷ்போர்டு என்ன கலர்ல இருக்கு?" என்றார் அழகுராஜா.

"பச்சைங்க சார். ஆனா உள்ள கொதிக்குது."

"பச்சைன்னா எப்படிய்யா கொதிக்கும்?"

"வேர்த்து ஊத்துது சார்."

"ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க."

"வேர்வையவா சார்?"

ஆலோசகர் இடைமறித்தார். "இது ஒரு 'தெர்மல் நிகழ்வு'. முதலில் வார் ரூம் திறக்க வேண்டும். யார் யார் பங்குதாரர்கள் என்று முடிவு செய்வோம்."

அவர்கள் பங்குதாரர்களை முடிவு செய்துகொண்டிருந்தபோது வினோலியா அறைக்குள் போய் வேண்டாத சர்வர்களை ஒவ்வொன்றாக முறைப்படி நிறுத்தத் தொடங்கியிருந்தாள்.

"ஓடுற ஒவ்வொண்ணும் ஒரு இஸ்திரிப் பெட்டி மாதிரிண்ணே. உள்ள போற கரண்டு எம்புட்டோ அம்புட்டும் சூடாத்தான் வெளிய வரும். தகடு வேலைக்கு வேணுங்கிற ரெண்டை மட்டும் விட்டுருவோம். பழைய பேக்கப்பு நிக்கட்டும். வருகைப் பதிவு சர்வரும் நிக்கட்டும்."

"வருகைப் பதிவையா!" காளீஸ்வரன் பதறினார். "அதை நிறுத்துனா நாம வேலைக்கு வந்ததாவே ஆகாதேம்மா!"

"வரலன்னா வேர்க்குமாண்ணே?"

அவர் சர்வரை நிறுத்தினார். கதவை நாற்காலி வைத்துத் திறந்து, மிஷின் ஹாலிலிருந்து இரண்டு பெரிய பெடஸ்டல் ஃபேனை உருட்டிவந்து வைத்தார்கள். ஒன்று உள்ளே காற்றைத் தள்ளியது, மற்றது வெளியே இழுத்தது. சூடு ஏறுவது மட்டுப்பட்டதே தவிர இறங்கவில்லை.

வினோலியா ஏ.சி.க்குக் கீழே நின்று கையை நீட்டினாள். "காத்து நல்லா வருது. அப்ப உள்பக்க ஃபேன் ஓடுது. ஆனா குளிர் இல்ல." சுவரோரம் போகும் செம்புக் குழாயைத் தொட்டாள். "இந்தத் தடிச்ச குழாய் சில்லுன்னு, வேர்த்துப்போயி இருக்கணும். வெதுவெதுன்னு இருக்கு. கோளாறு வெளிய இருக்குண்ணே. வாங்க."

காளீஸ்வரன் போனைக் காதில் வைத்தபடியே பின்னால் ஓடினார். ஓட்டத்திலும் "சரிங்க சார்" நிற்கவில்லை.

கட்டடத்தின் முகப்பில்தான் ஏ.சி.யின் வெளிப்பெட்டி இருந்தது. ஆனால் அதை யாரும் பார்த்ததில்லை. சாலையில் போகிறவர்கள் கண்ணுக்கு ஏ.சி. பெட்டி அசிங்கமாகத் தெரிகிறது என்பதால், அதை முழுவதுமாக மூடி ஒரு தகரப் பலகை அடிக்கப்பட்டிருந்தது. பலகையில் எம்.டி. கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, 'வருங்காலத்திற்கு வருக'.

வினோலியா பலகையின் ஓரத்தில் காது வைத்தாள். உர்ர்ர் என்று ஒரு ஓசை. கொஞ்ச நேரத்தில் 'டக்'. பிறகு ஒன்றுமில்லை.

"கம்ப்ரஸர் ஓடிச்சு, சூடு தாங்காம தானா நின்னுருச்சு. ஆறுனதும் மறுபடி ஓடும், மறுபடி நிக்கும். பலகையக் களட்டணும்ணே."

காளீஸ்வரன் பலகையை அண்ணாந்து பார்த்தார். எம்.டி. சிரித்தார். ஒன்பது வருடத்தில் இவ்வளவு பக்கத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.

"சார்," என்று போனில் மெல்லக் கேட்டார், "எம்.டி.யைக் களட்டலாமா?"

"என்னய்யா சொல்றீரு?" என்றார் அழகுராஜா.

அந்த நேரம் பார்த்து மிஷின் ஹாலிலிருந்து போர்மேன் பாண்டி ஓடிவந்தார். "காளி, தகடு வரது நின்னுபோச்சுய்யா. இன்னும் பதினெட்டு வகை பாக்கி. விடிஞ்சா லாரி வந்துரும்!"

காளீஸ்வரனுக்குச் செல்வலட்சுமியின் முகம் கண்முன் வந்தது. தூக்குவாளியோடு கம்பெனி பஸ் ஏறிப் போய், வாசலிலேயே திரும்பி வருகிற முகம். போனைச் சட்டைப் பையில் போட்டார். வினோலியாவிடமிருந்து திருப்புளியை வாங்கினார். எம்.டி.யின் வலது காதுக்குப் பக்கத்துத் திருகாணியை அவரே கழற்றினார். இரண்டாவதை யாரையும் கேட்காமல் கழற்றினார். மூன்றாவதில் அவருக்குச் சிரிப்பு வந்தது. நான்காவது கழன்றதும் பாண்டியும் அவரும் எம்.டி.யை அப்படியே தூக்கி, மரியாதையாகச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள்.

பின்னால் இருந்து அனல் பொங்கி வந்தது. கம்ப்ரஸர் மறுபடி உறுமத் தொடங்கியது. ஆனால் அதன் முன்னால் இருந்த பெரிய விசிறி அசையவே இல்லை. முனகிக்கொண்டு நின்றது.

"பாத்தீகளா?" என்றாள் வினோலியா. "உள்ள இருக்க சூட்டைக் கேஸு இங்கன சுமந்துகிட்டு வரும். இந்த ஃபேன்தான் அதை ஊதி வெளிய தள்ளணும். இது நின்னா சூடு போக வழியில்ல. கம்ப்ரஸருக்கு அழுத்தம் ஏறி, அதுவும் படுத்துரும்."

"மோட்டார் காலியா?" என்றார் பாண்டி. "புதுசு மதுரையில இருந்துதான் வரணும்."

"இருங்கண்ணே, அவசரப்படாதீக." அவள் பிரேக்கரை இறக்கிவிட்டு, கம்பி வலையைக் கழற்றி, விசிறியைக் கையால் சுற்றிவிட்டாள். தடங்கல் இல்லாமல் சுற்றியது. "பேரிங் நல்லா இருக்கு." மோட்டாரை மோந்து பார்த்தாள். "கருகுன வாடையும் இல்ல." வலையை மாட்டிவிட்டு மறுபடி மின்சாரம் கொடுத்தாள். முனகல். ஒரு நீளமான தென்னை ஈர்க்கை வலைக்குள் விட்டு இறக்கையை லேசாகத் தள்ளினாள்.

விசிறி சுற்றத் தொடங்கியது! பாண்டி கைதட்டினார்.

"தட்டாதீகண்ணே. தள்ளிவிட்டா ஓடுது, தானா கிளம்ப மாட்டேங்குது. அப்ப மோட்டாரு நல்லாருக்கு, கிளப்பிவிடுற கண்டன்சர்தான் செத்துருச்சு. ஒத்தை லைன் கரண்டுல இந்த மோட்டாருக்கு எந்தப் பக்கம் சுத்தணும்னே தெரியாது. கண்டன்சர்தான் அதுக்கு ஒரு பக்கமாத் தள்ளு கொடுக்கும். இப்ப ஓடுறதும் பலமில்லாம ஓடுது, சூடாகும். ஒரு தடவை நின்னா மறுபடி ஈர்க்கு வேணும்."

இதைச் சொல்லிவிட்டு மறுபடி மின்சாரத்தை நிறுத்தினாள். பக்கத் தகட்டைத் திறந்து, கண்டன்சரில் மிச்சமிருக்கும் மின்சாரம் கடிக்காமல் இருக்க ஒரு குண்டு பல்பின் இரண்டு வயரையும் அதன் முனைகளில் வைத்து வடித்தாள். கழற்றி வெளியே எடுத்தபோது அதன் வயிறு உப்பியிருந்தது. மேலே எழுதியிருந்தது இரண்டரை மைக்ரோஃபாரட். மல்டிமீட்டர் காட்டியது அரைக்கும் கொஞ்சம் மேல்.

"இந்த நேரத்துல இதுக்கு எங்க போக? விருதுநகர்ல கடை திறக்க ஒம்பது ஆகும்," என்றார் காளீஸ்வரன்.

வினோலியா அவரைப் பார்த்தாள். காளீஸ்வரன் அவளைப் பார்த்தார். பிறகு இருவரும் கூட்ட அரங்கத்தின் பக்கம் பார்த்தார்கள்.

"அதே மாடல்தானண்ணே?"

"அதே மாடல்தான்," என்ற காளீஸ்வரன், திருப்புளியோடு அவளுக்கு முன்னால் ஓடினார்.

ஸ்டெப்னியின் கண்டன்சர் மீட்டரில் முழு ஆரோக்கியத்தோடு இருந்தது. அதைக் கொண்டுவந்து மாட்டினார்கள். பிரேக்கரை மேலே தள்ளப் போன காளீஸ்வரனின் கையைப் பிடித்துக்கொண்டாள் வினோலியா.

"மூணு நிமிசம் பொறுங்க. உள்ள கேஸு அழுத்தம் சமமாகட்டும். இப்பவே போட்டா கம்ப்ரஸர் பளுவோட கிளம்பணும், முக்கிரும்."

அந்த மூன்று நிமிடம் காளீஸ்வரன் வாழ்க்கையிலேயே நீளமானது. சட்டைப் பைக்குள்ளிருந்து ஆலோசகர் பேசிக்கொண்டிருந்தார். "அடுத்த கட்டமாக, இந்த நிகழ்வின் நிலையைப் 'பெரியது' என்று வைப்பதா, 'மிகப் பெரியது' என்று வைப்பதா என்று வாக்கெடுப்பு நடத்தலாம்." வினோலியா படியில் உட்கார்ந்து ஆறிப்போன பரோட்டாவைப் பிட்டுச் சால்னாவில் நனைத்தாள்.

"எப்பிடிம்மா உன்னால சாப்பிட முடியுது?"

"காரணம் தெரியிற வரைக்கும் எனக்கும் பரோட்டா இறங்கலண்ணே. தெரிஞ்சப்புறம் பசிக்குது. நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க."

யாருக்கும் கொடுக்காத பரோட்டா. காளீஸ்வரன் வாங்கித் தின்றார். பிரேக்கரைத் தள்ளினார். விசிறி யாரையும் கேட்காமல் ஜிவ்வென்று கிளம்பியது. பல மாதமாகப் பலகையில் முட்டித் திரும்பிய சூடு, தடையில்லாமல் சாலைப் பக்கம் ஓடியது. உள்ளே செம்புக் குழாய் மெல்ல வேர்த்தது. சர்வர்களின் கத்தல் ஒரு சுதி இறங்கியது, இன்னொரு சுதி இறங்கியது. நாற்பதுக்குக் கீழே வந்ததும் காளீஸ்வரன் அச்சுத் தகடு வரிசையை மறுபடி ஓடவிட்டார். முப்பதுக்கு வந்தபோது அவரும் பாண்டியும் மிஷின் ஹால் நடுவே கட்டிப்பிடித்து ஆடினார்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பாண்டி மொட்டை நேர்ந்துகொண்டார். "மொட்டை எனக்கில்ல, காளிக்கு," என்று திருத்தமும் சொன்னார்.

விடியும்போது லாரி பெட்டிகளோடு கிளம்பியது. கூட்டு அழைப்பில் நிகழ்வு 'மிகப் பெரியது' என்று ஒருமனதாக முடிவாகியிருந்தது.

காலை எட்டு மணிக்கு 'மூலகாரண ஆய்வுக் கூட்டம்'. புதுக் கண்டன்சர் வாங்கக் கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்ததால், கூட்ட அரங்கத்தின் ஏ.சி. ஊதியது, குளிரவில்லை. கோட்டு போட்டு வந்திருந்த அழகுராஜாவின் கழுத்துப்பட்டை நனைந்து இரண்டு நிறமானது. எம்.டி. கூட்ட அறிக்கையை விசிறியாக மடித்து வீசிக்கொண்டார். சென்னை ஆலோசகர் திரையில் மட்டும் குளுகுளுவென்று இருந்தார்.

அழகுராஜா உரையாற்றினார். நெருக்கடியில் கூட்டு அழைப்பு ஒருமுறைகூடத் துண்டிக்கப்படவில்லை என்பதைக் குறிப்பிட்டபோது கைதட்டல் எழுந்தது. குளிர்க்கண் மென்பொருள் கடைசி வரை நம்பிக்கை இழக்காமல் பச்சையாகவே இருந்ததற்குப் பாராட்டு தெரிவிக்கப்பட்டது. கோளாறுக்குக் காரணம் மின்னழுத்த ஏற்ற இறக்கம் என்று ஆலோசகர் அறிவித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். மின்னழுத்தம் யாருக்கும் சொந்தக்காரன் இல்லை.

"இரவுப் பணியில் இருந்தவர் என்ற முறையில் காளீஸ்வரன் ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுவாரு," என்றார் அழகுராஜா.

காளீஸ்வரன் எழுந்தார். 'சரிங்க சார்' தொண்டை வரை வந்துவிட்டது. கதவோரம் வினோலியா உப்பிய கண்டன்சரைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. செல்வலட்சுமி அனுப்பியிருந்தாள்: 'பெட்டி வந்துருச்சு.'

"மின்னழுத்தம் இல்லங்க சார்," என்றார் காளீஸ்வரன். "ஸ்டெபிலைசர் இருக்கு, வினோலியா அதையும் பாத்துருச்சு. ஃபேன் கண்டன்சர் வெந்துருச்சு. வருசக்கணக்கா உழைக்க வேண்டியது. வெளியேறுற சூட்டை மறிச்சுப் பலகை அடிச்சா, அதே சூட்டைத்தான் பெட்டி திரும்ப இழுக்கும். ஆறு மாசமா அது தன் சூட்டுலேயே வெந்திருக்கு. நின்னா எடுத்துக்கொடுக்க இருந்த இன்னொரு ஏ.சி.யும் அங்க இல்ல. சூட்டைச் சொல்ல வேண்டிய சென்சாரும் அங்க இல்ல."

எம்.டி.யின் கையில் விசிறி நின்றது. நெற்றியில் வேர்வை வழிய, மேஜையைத் தட்டிக் கேட்டார்.

"எவன்யா அந்த எடத்துல பலகை அடிக்கச் சொன்னது? எவன்யா ஏ.சி.யைக் களட்டச் சொன்னது? எவன் மேஜையிலய்யா அந்தச் சென்சார் இருக்கு?"

பொன்வானத்தின் வரலாற்றில், கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் விடை தெரிந்த கேள்வி கேட்கப்பட்டது அதுவே முதல் முறை. அழகுராஜா மேஜை விரிப்பைப் பார்த்தார். ஆலோசகரின் திரை தற்செயலாக உறைந்து போனது.

"நீங்கதான் சார்," என்றார் காளீஸ்வரன்.

இந்தப் பதில் கூட்டக் குறிப்பில் வார்த்தை பிசகாமல் பதிவு செய்யப்பட்டிருக்கிறது: 'மின்னழுத்த ஏற்ற இறக்கம்.'